ராத்திரி ஆனா மட்டும் மீட்டர் செய்தி சிஆர்சி தப்பாகுது, பகல்ல சரியா இருக்கு

பூக்கடை_மருமகன் (ஜார்ஜ் டவுன்)

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவுல மாமாவோட பூக்கடை. பின்னாடி ஒரு சின்ன கோல்ட் ரூம் இருக்கு. போன வருஷம் தைப்பூசத்துக்கு முந்தின ராத்திரி கம்ப்ரெசர் நின்னுபோய் மல்லிகையெல்லாம் கருகிடுச்சு. அதுக்கப்புறம்தான் நானே ஒரு கண்காணிப்புப் பெட்டி செஞ்சு மாட்டினேன். ஆர்டுயினோ ஊனோ, ஆர்.எஸ்.485 போர்டு, 12 மீட்டர் கேபிள். அந்தக் கம்பியில ரெண்டு பேர். 1-ஆம் நம்பர் மின்சார மீட்டர், 2-ஆம் நம்பர் கோல்ட் ரூம் டெம்பரேச்சர் கண்ட்ரோலர். ரெண்டும் மோட்பஸ், 9600 பாட்.

பிரச்சினை இதுதான். காலையிலேர்ந்து ராத்திரி பத்தரை வரைக்கும் ஒரு செய்தி கூட சிஆர்சி தப்பாகாது. பத்தரைக்கு மேல மீட்டர்லேர்ந்து வர்ற வோல்டேஜ் செய்தி ஒவ்வொண்ணா தப்பாக ஆரம்பிக்கும், நடு ராத்திரிக்கு முழுசா தப்பு. அஞ்சு தடவை தப்பானா "மீட்டர் தொடர்பு இல்லை"ன்னு எனக்கு எஸ்எம்எஸ் வரும். ரெண்டு மணிக்கு எழுந்து கடைக்கு ஓடினா எல்லாம் நல்லாத்தான் ஓடிட்டு இருக்கு. விடியக்காலை ஆறரைக்கு தானா சரியாயிடும். டெம்பரேச்சர் கண்ட்ரோலர் அதே கம்பியில இருந்தும் ஒரு தடவை கூட தப்பு காட்டல. அதனால மீட்டர்தான் கோளாறுன்னு புதுசு வாங்கி மாட்டினேன். புதுசும் அதே கதை.

சிஆர்சி கணக்கு 256 கட்டம் இருக்கிற டேபிள் வச்சு, ஒரு பைட்டுக்கு ஒரு தடவை பாக்குற முறை. ராத்திரியில என்ன பேய் வருது?

கம்பிக்காரன் (கிள்ளான்)

தம்பி, இது புரோகிராம் பிரச்சினை இல்ல லா. 22 வருஷமா வயரிங் பாக்குறேன். கோல்ட் ரூம் கம்ப்ரெசர் பக்கத்துல சிக்னல் கம்பி போனா இப்படித்தான். ரெண்டு முனையிலயும் 120 ஓம் போட்டீங்களா? முறுக்குக் கம்பியா, சாதா டெலிபோன் கம்பியா? கம்ப்ரெசர் பவர் கேபிள்லேர்ந்து ஒரு அடியாவது தள்ளிப் போகணும். முதல்ல அதைச் சரி பண்ணுங்க.

பூக்கடை_மருமகன்

அண்ணே, முறுக்குக் கம்பிதான். 120 ஓம் ரெண்டு பக்கமும் போட்டுப் பாத்தாச்சு, எடுத்தும் பாத்தாச்சு. மாற்றமே இல்ல. கம்ப்ரெசர் பகல்லதான் அதிகமா ஓடும், கதவு திறந்து மூடிட்டே இருப்போம். ராத்திரி அது பாதி நேரம் தூங்குது. அப்போ தப்பு பகல்லதானே வரணும்?

ஜிபிஎஸ்_கேஎல்

எதுக்கு இவ்வளவு சிக்கல்? நான் லாரிக்கு ஜிபிஎஸ் பெட்டி செய்றேன். அதுல எல்லா எழுத்தையும் ஒண்ணோட ஒண்ணு எக்ஸார் பண்ணா ஒரு பைட் வரும், நட்சத்திரக் குறிக்கு அப்புறம் இருக்கிறதோட ஒப்பிட்டா முடிஞ்சுது. டேபிளும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீங்களும் அதுக்கு மாத்திடுங்க.

வாணி_பாயான்லெப்பாஸ்

கேஎல் அண்ணா, மீட்டர் என்ன கணக்குப் போட்டு அனுப்ப வேண்டும் என்று நாம் முடிவு செய்ய முடியாதே. இந்த வகை மோட்பஸ் என்றால் அது சிஆர்சிதான் அனுப்பும். இன்னொன்று, எக்ஸார் கணக்கில் `09 60` என்பது `60 09` என்று இடம் மாறி வந்தாலும் விடை ஒன்றுதான். இரண்டு பைட்டுகளில் ஒரே இடத்து பிட் புரண்டாலும் ஒன்றை ஒன்று அழித்துவிடும். சிஆர்சி இடத்தையும் சேர்த்துக் கணக்கில் எடுப்பதால் அங்கே தப்பிக்க முடியாது.

மருமகன் தம்பி, ஊகம் போதும். தப்பான செய்தி நான்கைந்தை வந்த பைட்டுகளோடு அப்படியே போடுங்கள். உங்கள் கணக்கு என்ன விடை தந்தது என்பதும் வேண்டும். இரைச்சலால் கெட்ட செய்தி ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி கெட்டிருக்கும். ஒரே செய்தி ஒரே மாதிரி தப்பானால் அது கம்பியில் நடந்தது இல்லை.

பூக்கடை_மருமகன்

அக்கா, நேத்து ராத்திரி எடுத்தது. முதல் வரி சாயங்காலம் சரியா வந்தது. மத்தது ராத்திரி 11.40 வாக்குல.

```
01 03 02 09 60 BE 3C  calc=3CBE  OK
01 03 02 09 84 BE 77  calc=00BE  BAD
01 03 02 09 85 7F B7  calc=00BE  BAD
01 03 02 09 84 BE 77  calc=00BE  BAD
```

கடைசி ரெண்டு பைட் மீட்டர் அனுப்புற சிஆர்சி, கீழ் பைட் முதல்ல. நாலாவது அஞ்சாவது பைட் வோல்டேஜ், பத்தால வகுக்கணும். `0960` அப்படின்னா 2400, அதாவது 240.0 வோல்ட்.

ஈப்போ_மணி

பாலினாமியல் தப்பா இருக்கும். இல்லன்னா தொடக்க மதிப்பு. மோட்பஸ்ஸுக்கு `0xFFFF`-ல ஆரம்பிக்கணும், நெறைய பேர் 0-ல ஆரம்பிச்சு மாட்டிக்குவாங்க. பைட் வரிசை மாறினாலும் இதே கதைதான். நானும் ஒரு வாரம் மண்டைய உடைச்சிருக்கேன்.

வாணி_பாயான்லெப்பாஸ்

மணி அண்ணா, நீங்கள் சொன்ன மூன்றில் எது தப்பானாலும் சாயங்காலச் செய்தியும் தப்பாகியிருக்க வேண்டும். பகல் முழுக்கச் சரியாக வருகிறதே.

தம்பி, உங்கள் பதிவில் இரண்டு விஷயங்கள் கண்ணில் குத்துகின்றன.

ஒன்று, `09 84`-க்கும் `09 85`-க்கும் உங்கள் கணக்கு ஒரே விடை தருகிறது. இரண்டு செய்திக்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம். ஒரு பிட் மாறினால் சிஆர்சி கட்டாயம் மாறும், அதற்குத்தானே அதைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே மீட்டர் அனுப்பியது கெட்டுப் போகவில்லை. உங்கள் கணக்குதான் கெட்டிருக்கிறது.

இரண்டாவது, காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். டேபிள் முறையில் ஒவ்வொரு பைட்டுக்கும் நடப்பது ஒன்றுதான்: கையில் இருக்கும் சிஆர்சியின் கீழ் பைட்டையும் வந்த பைட்டையும் எக்ஸார் செய்து, அந்த எண்ணுள்ள கட்டத்தை டேபிளில் பார்க்க வேண்டும். பிறகு சிஆர்சியை எட்டு பிட் வலப்பக்கம் தள்ளி, கட்டத்தில் கண்டதை அதோடு எக்ஸார் செய்ய வேண்டும். இரண்டாவது செய்திக்கு அது இப்படிப் போகும்:

```
       crc    index  table
start  FFFF
01     807E   FE     8081
03     2140   7D     21C0
02     31A1   42     3180
09     BE30   A8     BE01
84     77BE   B4     7700
```

`77BE` வருகிறது. மீட்டர் அனுப்பியதும் அதுவே, அதாவது மீட்டர் சொன்னது நூறு சதவீதம் சரி. உங்களுக்கோ `00BE` வந்திருக்கிறது. கடைசி அடியைப் பாருங்கள். `BE30`-ஐ எட்டு பிட் தள்ளினால் `00BE`. அதற்கு மேல் எதுவும் எக்ஸார் ஆகவில்லை. டேபிளிலிருந்து உங்கள் கணக்குக்குச் சுழியம் கிடைத்திருக்கிறது.

இந்த டேபிளில் 256 கட்டத்திலும் 256 வேறு வேறு எண்கள். சுழியம் இருப்பது 0-ஆம் கட்டத்தில் மட்டும். நீங்கள் பார்க்க வேண்டியதோ `B4`. அப்படியானால் நீங்கள் படித்த இடம் டேபிளே இல்லை. வேறு எங்கேயோ கை வைத்துவிட்டீர்கள். அந்த ஒரு வரி நிரலைக் காட்டுங்கள்.

பூக்கடை_மருமகன்

அக்கா, காகிதத்துலயா போட்டீங்க! டேபிள் சரியான்னு ஏற்கெனவே பாத்தாச்சு. `123456789` குடுத்தா `4B37` வரணும்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கு, கரெக்டா வந்துச்சு. எல்லாரும் உதாரணத்துக்குப் போடுற `01 03 00 00 00 0A` செய்திக்கும் `C5 CD` சரியா வந்துச்சு. இதே நிரலை முதல்ல ராஸ்பெர்ரி பை-ல ஒரு மாசம் ஓட்டினேன், ராத்திரி பகல் ஒரு தப்பு கிடையாது. அப்படியே எடுத்து ஆர்டுயினோவுல ஒட்டினேன்.

```c
char buf[16];
uint16_t crc = 0xFFFF;
for (int i = 0; i < n; i++)
    crc = (crc >> 8) ^ table[(uint8_t)crc ^ buf[i]];
```

வந்த சிஆர்சி ரெண்டு பைட்டையும் தனித்தனியா `uint8_t` ஆக்கி ஒப்பிடுறேன்.

வாணி_பாயான்லெப்பாஸ்

கிடைத்துவிட்டது. `char buf[16]`.

ஆர்டுயினோ ஊனோவின் கம்பைலருக்கு `char` என்றால் குறியுள்ள எண், -128 முதல் 127 வரை. ராஸ்பெர்ரி பை ஏஆர்எம் சில்லு, அங்கே லினக்ஸில் அதே `char` 0 முதல் 255 வரை. மொழி இதை உறுதியாகச் சொல்லாமல் கம்பைலர் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அதனால்தான் பையில் ஒரு மாதம் நிம்மதி.

`84` என்ற பைட் உங்கள் ஊனோவில் 132 இல்லை, -124. எக்ஸார் செய்வதற்கு முன் கம்பைலர் இரண்டு பக்கத்தையும் `int` ஆக அகலப்படுத்தும். அப்போது `84` என்பது `FF84` ஆகிவிடும். `30`-ஓடு எக்ஸார் செய்தால் `FFB4`, அதாவது -76. நீங்கள் `table[180]` கேட்பதாக நினைக்கிறீர்கள், அது `table[-76]`-ஐப் படிக்கிறது. கட்டம் ஒவ்வொன்றும் இரண்டு பைட், ஆகவே டேபிளுக்கு 152 பைட் முன்னால். அங்கே ஏதோ காலியான அரே இருக்கிறது போல, சுழியம் கிடைத்தது. `85`-க்கு -75, அதற்கும் சுழியம். அதனால்தான் இரண்டுக்கும் `00BE`.

கம்பைலர் எச்சரிக்காது. `-Wchar-subscripts` என்று ஓர் எச்சரிக்கை உண்டு, ஆனால் கட்ட எண்ணே `char` ஆக இருந்தால்தான் அது கத்தும். எக்ஸார் செய்ததும் அது `int` ஆகிவிட்டது.

இனி ராத்திரிப் பேய். செய்தியில் சிஆர்சிக்கு முந்தைய பைட்டுகளில் `80` அல்லது அதற்கு மேலானது ஒன்று இருந்தால் தப்பும், இல்லாவிட்டால் சரி. உங்கள் வோல்டேஜ் 230.4-லிருந்து 243.1 வரை இருக்கும்போது எண் `0900` முதல் `097F`, கீழ் பைட் சிறியது, எல்லாம் சரி. 243.2 ஆனதும் `0980`. லிட்டில் இந்தியாவில் கடைகள் எத்தனை மணிக்கு மூடும்?

பூக்கடை_மருமகன்

பத்து, பத்தரை. அக்கா!! எல்லாக் கடையும் லைட்டு, ஏர்கான் அணைச்சதும் எங்க லைன்ல வோல்டேஜ் ஏறுது. பை-ல எடுத்த பழைய பதிவைப் பாத்தேன். பகல் 233-லேர்ந்து 241, நடு ராத்திரி 243.5-லேர்ந்து 246. காலையில கடை திறக்க ஆரம்பிச்சதும் இறங்குது. கரெக்டா அதே நேரம்.

இன்னொண்ணும் புரியுது. தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு மணி நேரம் தப்பு வந்துச்சு, அது மட்டும் பகல்ல வந்ததாச்சேன்னு குழம்பிட்டேன். அன்னைக்குத் தெரு முழுக்க லைட்டு. 230.4-க்குக் கீழ போயிருக்கணும்.

வாணி_பாயான்லெப்பாஸ்

ஆமாம். 230.3 என்றால் `08FF`. அங்கிருந்து 217.6 வரை எல்லாமே தப்பும். மலேசியாவில் அறிவிக்கப்பட்ட அளவு 230, மேலே 10 சதவீதம், கீழே 6 சதவீதம். அந்த எல்லைக்குள் பாதிக்கும் மேற்பட்ட வோல்டேஜ்களை உங்கள் பெட்டி நம்ப மறுத்திருக்கிறது.

திருத்தம் சின்னது:

```c
uint16_t crc16(const uint8_t *p, size_t n)
{
    uint16_t crc = 0xFFFF;
    while (n--)
        crc = (crc >> 8) ^ table[(crc ^ *p++) & 0xFF];
    return crc;
}
```

உங்கள் பழைய வரிக்கு `uint8_t` பஃபர் ஒன்றே போதும். `& 0xFF` ஒன்றே போதும். இரண்டையும் போடுவேன், நாளை யாராவது பஃபரின் வகையை மாற்றினாலும் கட்ட எண் 0-க்கும் 255-க்கும் வெளியே போகாது.

எனக்கு உறுத்துவது உங்கள் சோதனை. `123456789` எல்லோரும் போடும் சோதனைதான், நானும் போடுவேன். ஆனால் அதில் உள்ள பைட்டுகள் `31` முதல் `39` வரை. `80`-ஐத் தாண்டியது ஒன்றுகூட இல்லை. `01 03 00 00 00 0A`-யிலும் இல்லை. டேபிள், தொடக்க மதிப்பு, பைட் வரிசை எல்லாவற்றையும் அவை சோதிக்கும், இந்த ஒரு ஓட்டையைத் தவிர. இனிமேல் உங்கள் மீட்டரின் `01 03 02 09 84` செய்தியையே மூன்றாவது சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள், `77BE` வர வேண்டும்.

வந்த சிஆர்சியைத் தனியாக ஒப்பிடாமல் அந்த இரண்டு பைட்டையும் சேர்த்தே கணக்கை ஓட்டியிருந்தால் அநேகமாக முதல் நாளே மாட்டியிருப்பீர்கள். மோட்பஸ் கீழ் பைட்டை முதலில் அனுப்புவதால், சரியான செய்தியை முழுசாக ஓட்டினால் கடைசியில் சுழியம் மிஞ்சும். சிஆர்சி பைட்டுகள் எந்த எண்ணாகவும் இருக்கலாம், அதனால் `80`-க்கு மேல் அடிக்கடி வரும். உங்கள் 240.0 செய்தியிலேயே `BE` இருக்கிறது.

ஒரு கேள்வி. டெம்பரேச்சர் கண்ட்ரோலரும் இதே வரி வழியாகத்தானே போகிறது? அது எப்படி எண் அனுப்பும்?

பூக்கடை_மருமகன்

அதேதான். அதுவும் பத்தால வகுக்கணும். கோல்ட் ரூம் 4-லேர்ந்து 8 டிகிரி, அதனால 40-லேர்ந்து 80 வரைக்கும்தான் வரும். அதான் அது எப்பவுமே சரியா

இருங்க.

12.8 டிகிரின்னா 128. ஹெக்ஸ்ல `80`.

வாணி_பாயான்லெப்பாஸ்

ஆமாம். அதைத்தான் கேட்டேன்.

பூக்கடை_மருமகன்

அலாரம் 15 டிகிரிக்கு வச்சிருக்கேன். 12.8-லேர்ந்து 25.5 வரைக்கும் எல்லா செய்தியும் தப்புன்னு தூக்கிப் போட்டிருக்கும். 15-ங்கிற எண்ணையே அது பாத்திருக்காது. கடைசியா வந்த நல்ல எண் 12.7-லயே நின்னிருக்கும். டெம்பரேச்சருக்குத் தொடர்பு இல்லன்னு எஸ்எம்எஸ் கூட நான் எழுதல, ஏன்னா அது தப்பானதே இல்லையே. இந்தப் பெட்டிய எதுக்கு செஞ்சேனோ அதுக்கு மட்டும் அது உதவியே இருக்காது. மாமாகிட்ட இதைச் சொல்லப் போறதில்ல.

கம்பிக்காரன்

அடேயப்பா. சரி, கம்பி இல்லன்னு ஒத்துக்கிறேன். ஆனா தம்பி, திருத்தின பிறகு ஒரு வாரம் ஓட்டிட்டு எண்ணிக்கை சொல்லுங்க. ஒண்ணுமே தப்பாகாதுன்னு நான் நம்ப மாட்டேன்.

ஈப்போ_மணி

நான் ஒண்ணு கேக்குறேன், டேபிளே எதுக்கு? ஊனோவுல ராம் மொத்தம் 2048 பைட். 256 கட்டம் ரெண்டு ரெண்டு பைட்டா 512. நாலுல ஒரு பங்கு போச்சு. 9600 பாட்ல ஒரு பைட் வர ஒரு மில்லிசெகண்டுக்கு மேல ஆகுது, 16 மெகாஹெர்ட்ஸ் சில்லுக்கு அதுக்குள்ள பதினாறாயிரம் துடிப்பு. எட்டு தடவை சுத்தி பிட் பிட்டா கணக்குப் போட்டாலும் சில நூறைத் தாண்டாது. மிச்ச நேரம் சும்மா உக்காந்திருக்கும்.

```c
crc ^= *p++;
for (int k = 0; k < 8; k++)
    crc = (crc & 1) ? (crc >> 1) ^ 0xA001 : crc >> 1;
```

இதுல கட்ட எண்ணே கிடையாது, வெளிய போய் விழ வழியே இல்ல. டேபிள் இல்லாம எழுதியிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

வாணி_பாயான்லெப்பாஸ்

வேகத்தில் நீங்கள் சொல்வது சரி, இந்த வேலைக்கு டேபிள் தேவையே இல்லை. கடைசி வரியில் பாதிதான் சரி. `p` குறியுள்ள `char` ஆகவே இருந்தால் உங்கள் முதல் வரியிலும் `84` என்பது `FF84` ஆகி, சிஆர்சியின் மேல் பைட்டையும் சேர்த்துப் புரட்டிவிடும். டேபிளுக்கு வெளியே போகாது, ஆனால் விடை தப்பும். அதே 243.2 வோல்ட்டில்.

டேபிளில் இருப்பதும் நீங்கள் எழுதிய அதே எட்டுச் சுற்றுதான். எட்டுச் சுற்றிலும் எங்கே எக்ஸார் நடக்கும் என்பதைக் கீழ் எட்டு பிட் மட்டுமே தீர்மானிக்கிறது, மேல் எட்டு பிட் சும்மா கீழே நழுவி வரும். அதனால் 256 விடைகளையும் முன்கூட்டியே போட்டு வைக்க முடிகிறது. டேபிளை நம்பலாமா என்று பார்க்க மூன்று கட்டம் போதும் எனக்கு: `table[1]` `C0C1`, `table[128]` `A001`, `table[255]` `4040`.

தம்பிக்கு டேபிள் மேல் ஆசை என்றால் ஃபிளாஷில் போட்டு `pgm_read_word` வைத்துப் படிக்கலாம், ராம் 512 மிச்சம். `PROGMEM` என்று மட்டும் எழுதிவிட்டுச் சாதாரணமாகப் படித்தால் ராமில் அதே முகவரியில் இருக்கும் குப்பை வரும். அது இன்னொரு இழை.

ஈப்போ_மணி

அது என்னவோ, நான் 16 கட்டம் வச்சு பாதி பாதி பைட்டா பாக்குறதுதான் எழுதுவேன். 32 பைட்தான். ஊனோவுக்கு 256 கட்டம்ங்கிறது ஒரு ஆள் சாப்பிட பந்தி போட்ட மாதிரி.

பூக்கடை_மருமகன்

அடுத்து பெரிய போர்டுக்கு 115200-ல போகலாம்னு இருக்கேன் மணி அண்ணே, அதான் டேபிள். இப்போதைக்கு இருந்துட்டுப் போகட்டும்.

ஷா_ஆலம்_சோலார்

நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும். எனக்கு நேர் எதிர் பிரச்சினை. கூரையில சோலார் இன்வெர்ட்டர், அதுவும் மோட்பஸ். சிஆர்சி எப்பவும் சரி, ஆனா சில நேரம் வோல்டேஜ் கேட்ட இடத்துல ஆம்பியர் வந்து உக்காருது. சிஆர்சி சரின்னா செய்தி சரிதானே? டேபிள் தப்பா இருந்து எல்லாத்தையும் "சரி"ன்னு சொல்லுதா?

வாணி_பாயான்லெப்பாஸ்

உங்கள் டேபிள் தப்பாக இருந்தால் இன்வெர்ட்டர் போட்ட கணக்கோடு ஒத்தே போகாது. செய்தி வழியில் கெடவில்லை என்பதை மட்டுமே சிஆர்சி சொல்லும், அது எந்தக் கேள்விக்கான பதில் என்று அதற்குத் தெரியாது. 3-ஆம் எண் கட்டளைக்கு வரும் பதிலில் ரெஜிஸ்டர் முகவரியே கிடையாது, உங்கள் பதிலைப் பாருங்கள்: சாதன எண், கட்டளை எண், எத்தனை பைட், தகவல், சிஆர்சி. அவ்வளவுதான். எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்?

ஷா_ஆலம்_சோலார்

100 மில்லிசெகண்ட். வரலன்னா அடுத்ததைக் கேட்டுடுவேன்.

வாணி_பாயான்லெப்பாஸ்

அப்படியானால் ஆம்பியருக்கான பதில் 110-இல் வந்து சேர்கிறது, நீங்கள் அதற்குள் வோல்டேஜ் கேட்டுவிட்டீர்கள். எண்கள் ஒன்று தள்ளி உட்காரும். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முன் வந்து கிடக்கும் பைட்டுகளைக் கொட்டிவிடுங்கள்.

ஷா_ஆலம்_சோலார்

கொட்டிட்டு கேள்வி அனுப்புற நேரத்துல பழைய பதில் வந்தா?

வாணி_பாயான்லெப்பாஸ்

மாட்டிக்கொள்வீர்கள். அடுத்தடுத்த கேள்விகளில் வேறு வேறு எண்ணிக்கையில் ரெஜிஸ்டர் கேட்டால் பைட் எண்ணிக்கையை வைத்துப் பிடிக்கலாம், நான் ஓர் இடத்தில் அப்படிச் செய்திருக்கிறேன். அழகான வழி என்று சொல்ல மாட்டேன். வேறு யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

பூக்கடை_மருமகன்

ஒரு வாரம் ஆச்சு. ராத்திரி எஸ்எம்எஸ் ஒண்ணு கூட வரல. ஆனா கம்பிக்காரன் அண்ணே சொன்னது பலிச்சிடுச்சு, ஒரு நாளைக்கு நாலு தப்பு வருது, முன்னாடி இதை நான் கவனிக்கல போல. பைட்டைப் பாத்தா ஒவ்வொண்ணும் வேற வேற மாதிரி, ஒண்ணுல நடுவுல பைட்டே காணோம். எல்லாமே கம்ப்ரெசர் கிளம்புற அதே நொடி.

கம்பிக்காரன்

நான் சொன்னேன்ல! கேபிளைத் தள்ளிப் போடுங்க தம்பி. முறுக்குக் கம்பியா இருந்தாலும் பவர் கேபிளோட கட்டி வச்சிருந்தா இப்படித்தான்.

பூக்கடை_மருமகன்

கட்டித்தான் வச்சிருக்கேன் அண்ணே 🙈 ஞாயித்துக்கிழமை பிரிச்சுடறேன். அக்கா, இந்த நாலு தப்புல ஏதாவது ஒண்ணு சிஆர்சியை ஏமாத்திட்டு உள்ள வருமா?

வாணி_பாயான்லெப்பாஸ்

கெட்ட பகுதி தொடர்ச்சியாக 16 பிட்டுக்குள் இருந்தால் வரவே வராது. அதைவிட நீளமாகக் குதறிவிட்டால் தோராயமாக 65536-இல் ஒன்று. ஒரு நாளைக்கு நாலு என்ற கணக்கில் 45 வருஷத்துக்கு ஒருமுறை. வந்த பைட் எண்ணிக்கை சரியா என்றும் பார்த்தால் இன்னும் குறையும். நான் கவலைப்பட மாட்டேன், ஆனால் 15 டிகிரியை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு அலாரம் அடிக்காமல், அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் அடிக்கச் சொல்லுங்கள்.

12.8-ஐ உண்மையிலேயே சோதித்தீர்களா, இல்லை நிரலைப் பார்த்ததோடு விட்டுவிட்டீர்களா?

பூக்கடை_மருமகன்

சோதிச்சேன். கோல்ட் ரூம் உள்ள போய் சென்சாரை உள்ளங்கையில மூடிப் பிடிச்சுக்கிட்டேன், இன்னொரு கையில போன். 11.9, 12.4, 12.7 வந்துச்சு. அங்க மூச்சு நின்னுடுச்சு. 12.8 OK. 12.9 OK. 15 தாண்டினதும் எஸ்எம்எஸ் வந்துச்சு. அதுக்குள்ள மாமி வந்து, கதவைத் திறந்து போட்டுட்டு உள்ள என்ன தியானம் பண்றேன்னு ஒரே சத்தம்.

கம்பிக்காரன்

மாமி சொல்றது சரிதான். கதவைச் சாத்துங்க, பூ வாடிடும் லா.